இதய எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் மிளிர்வு: தழும்பு, அழற்சி, பலவீனத்தின் காரணம்

கேள்வி: என் அண்ணனுக்கு 44 வயது. மூச்சிரைப்பு என்று போனதில், எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்றார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. கார்டியாக் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "இடைச்சுவரின் நடு அடுக்கில் கோடு போல லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட், இடது கீழறைத் தசையில் சுமார் 5 சதவீதம், டி2 மேப்பிங் இயல்பு" என்று எழுதியிருக்கிறார்கள். இது தழும்பா, அழற்சியா? இதயம் பலவீனமானதற்கு இதுதான் காரணமா?

பதில்:

நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அந்தக் கோடு பெரும்பாலும் பழைய தழும்பாகவே இருக்க வேண்டும். ஆனால் பம்பிங் 30 சதவீதத்துக்கு இறங்கியதற்கு அந்தத் தழும்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இந்த இரண்டு முடிவுகளுக்கும் எப்படி வந்து சேர்கிறோம் என்பதையும், அவை எந்த இடத்தில் தவறிப் போகக்கூடும் என்பதையும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அறிக்கையில் ஒரே வரியாக இருக்கும் இந்தச் செய்தியில் அடங்கியிருப்பது நிறைய. அதே நேரத்தில் பலர் அதில் இல்லாததையும் சேர்த்து வாசித்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த வெண்மை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பரிசோதனையின்போது கை நரம்பு வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல் வரை கடோலினியம் மருந்து செலுத்தப்படுகிறது. இது ரத்தக்குழாயை விட்டு வெளியேறி, செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் பரவும். ஆனால் சவ்வு சிதையாத செல்லுக்குள் நுழையாது. ஆரோக்கியமான இதயத்தசையில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், மொத்தக் கன அளவில் ஏறத்தாழ கால் பங்குதான் செல்களுக்கு வெளியே இருக்கிறது. அங்கே மருந்துக்கு இடம் குறைவு; வந்த வேகத்தில் ரத்தத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. எங்கே அந்த இடைவெளி பெருகியிருக்கிறதோ, அங்கே மருந்து அதிகமாகச் சேரும், மெதுவாகத்தான் வெளியேறும். செலுத்திய 10 முதல் 15 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட், சுருக்கமாக எல்.ஜி.இ., என்ற பெயரில் "லேட்" என்று வருவது இந்தக் காத்திருப்பினால்தான்.

படம் எடுக்கும் தொழில்நுட்பருக்கு இந்த நேரத்தில் ஒரு நுணுக்கமான வேலை உண்டு. ஆரோக்கியமான தசை முற்றிலும் கறுப்பாகத் தெரியும்படி, 'இன்வெர்ஷன் டைம்' எனப்படும் நேர இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது வழக்கமாக 250 முதல் 350 மில்லிநொடி அளவில் இருக்கும். நிமிடங்கள் கடந்து மருந்து வெளியேற வெளியேற அந்த அளவும் கூடிக்கொண்டே போகும். ஆகவே படத்தில் நாம் காண்பது ஓர் ஒப்பீடு: கறுப்பாக்கப்பட்ட தசைக்கு எதிரே, மருந்து மிகுதியாகத் தங்கிய பகுதி வெண்மையாக மிளிர்கிறது. இது ஒப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பரிசோதனையின் மிகப் பெரிய குறைபாடு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

செல்களுக்கு வெளியே உள்ள இடம் பெருகுவதற்குக் காரணம் ஒன்றல்ல. மாண்டுபோன தசையின் இடத்தைக் கொலாஜன் நார்கள் நிரப்பித் தழும்பானால், நார்களுக்கு நடுவே இடம் பெருகும். மாரடைப்பு வந்த முதல் நாள்களில் செல்களின் சவ்வு கிழிந்து, மருந்து செல்லுக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது தழும்பு இன்னும் உருவாகியே இருக்காது, ஆனாலும் அந்தப் பகுதி மிளிரும். அழற்சியில் நீர் கோத்துச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போதும் மிளிரும். அமிலாய்டு நோயில் செல்களின் இடையே புரதம் படிந்தாலும் மிளிரும். எனவே எல்.ஜி.இ. இருக்கிறது என்றாலே தழும்பு என்று எழுதிவிடுவது சரியல்ல. வெண்மை நமக்குச் சொல்வது, அந்த இடத்தில் செல்களுக்கு வெளியே உள்ள பரப்பு பெருகியிருக்கிறது என்பதை மட்டுமே. அது பழையதா புதியதா என்பதை வேறு படங்களிலிருந்து அறிய வேண்டும்.

அந்த வேறு படங்களில் முதன்மையானது டி2 மேப்பிங். திசுவில் நீர் மிகுந்தால் டி2 மதிப்பு உயரும். நடப்பில் இருக்கும் அழற்சியில் நீர்க்கோவை இருக்கும்; ஆறிப்போன தழும்பில் இருக்காது. இதயத்தசை அழற்சியை எம்.ஆர்.ஐ. மூலம் கண்டறிய 2009இல் வகுக்கப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட 'லேக் லூயிஸ்' அளவுகோல்கள் இதையே அடிப்படையாகக் கொண்டவை. நீர்க்கோவையைக் காட்டும் டி2 சான்று ஒன்றும், தசைச் சேதத்தைக் காட்டும் டி1 சார்ந்த சான்று ஒன்றும் சேர்ந்து இருந்தால்தான் அழற்சி என்று உறுதியோடு சொல்லலாம். எல்.ஜி.இ. இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உங்கள் அண்ணனிடம் அது மட்டுமே இருக்கிறது, டி2 இயல்பாக இருக்கிறது. எனவே அந்தக் கோட்டை ஆறிய தழும்பு என்று கொள்வதே நியாயமான வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது காலம். வைரஸ் தொற்றை ஒட்டி வரும் அழற்சியில் நீர்க்கோவை சில வாரங்களில் பெரும்பாலும் வடிந்துவிடும். நெஞ்சு வலியும் காய்ச்சலும் வந்து மூன்று, நான்கு மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுத்தால், டி2 இயல்பாக இருப்பதில் வியப்பில்லை; அழற்சி இப்போது இல்லை என்றுதான் அதற்குப் பொருள், முன்பு வந்ததே இல்லை என்று பொருளல்ல. இரண்டாவது எல்லை, நீறுபூத்த நெருப்பாக நீண்டகாலம் நீடிக்கும் அழற்சி. பல உறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்ற நோயில் சிறு சிறு திட்டுகளாக இருக்கும் அழற்சி, டி2 படத்தில் பிடிபடாமல் போவதுண்டு. அந்தச் சந்தேகம் வலுவாக இருந்தால், அழற்சி உள்ள இடம் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சுவதைக் காட்டும், தக்க உணவுக் கட்டுப்பாட்டுடன் எடுக்கப்படும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன்தான் அடுத்த படி. கடும் அழற்சியின்போது முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தால், அப்போது தெரியும் வெண்மையில் ஒரு பங்கு வெறும் நீர்க்கோவையே. ஆறு மாதம் கழித்து எடுத்தால் அந்த வெண்மை சுருங்கியிருக்கும். முதல் படத்தைப் பார்த்து இவ்வளவு தசை செத்துவிட்டதா என்று மனம் உடைய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து, அந்தக் கோடு எந்த அடுக்கில் இருக்கிறது என்ற கேள்வி. எல்.ஜி.இ.யின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது. இதயத் தமனி அடைபட்டால் தசை ஒரே நேரத்தில் சாவதில்லை. அறையின் உட்புறத்தை ஒட்டிய அடுக்கு முதலில் மடியும். அடைப்பு நீடிக்க நீடிக்கச் சேதம் அலைபோல வெளி அடுக்கை நோக்கிப் பரவும். வெளியிலிருந்து வரும் ரத்தம் கடைசியாகச் சென்று சேரும் இடம் உள்ளடுக்கு. அறையின் அழுத்தத்தை அதிகமாகத் தாங்குவதும் அதுதான். ரீமரும் ஜென்னிங்ஸும் 1970களில் நாய்களின் இதயங்களில் காட்டிய இந்த ஒழுங்கு மனிதர்களுக்கும் பொருந்துகிறது. எனவே மாரடைப்பின் தழும்பு சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் உள்ளடுக்கைத் தொட்டே இருக்கும். ஏதோ ஒரு தமனி ரத்தம் கொடுக்கும் எல்லைக்குள்ளும் அடங்கும். உள்ளடுக்கைக் கறுப்பாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஓடும் கோட்டை மாரடைப்பு உண்டாக்க முடியாது.

ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்த பிறகு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் இருக்கிறது. 2003இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், இதயம் விரிந்து பலவீனமாகி, ஆனால் ஆஞ்சியோவில் தடுக்கும் அளவு அடைப்பு இல்லாத 63 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு மாரடைப்பின் தழும்பைப் போலவே உள்ளடுக்கைத் தொடும் மிளிர்வு இருந்தது. ரத்தக்கட்டி தானே கரைந்துபோய்த் தமனி மீண்டும் திறந்திருக்கலாம். அல்லது வேறிடத்திலிருந்து கட்டி வந்து அடைத்திருக்கலாம். 28 சதவீதம் பேருக்கு உங்கள் அண்ணனுக்கு இருப்பது போன்ற நடு அடுக்குக் கோடு இருந்தது. மீதி 59 சதவீதம் பேருக்கு மிளிர்வே இல்லை. ஆகவே இந்தக் கோடு அரிதான ஒன்றல்ல. அவருக்கு ஆஞ்சியோவும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே திசையைக் காட்டுவதால், காரணம் தமனியில் இல்லை, தசையிலேயே இருக்கிறது என்பது உறுதியாகிறது.

தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு இதே படம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். சுவரின் தடிமனில் எவ்வளவு பங்கு தழும்பாகியிருக்கிறது என்பதை வைத்து, ரத்த ஓட்டத்தைச் சீராக்கினால் அந்த இடம் மீண்டும் சுருங்குமா என்று கணிக்கலாம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த கிம் குழுவினரின் ஆய்வில், மிளிர்வே இல்லாமல் செயலிழந்திருந்த 329 பகுதிகளில் 256 மீண்டன. தடிமனில் முக்கால் பங்குக்கு மேல் மிளிர்ந்த 58 பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் மீண்டது. ஆனால் ஒரு பகுதி மீள்வதும் நோயாளி நீண்டநாள் வாழ்வதும் ஒன்றல்ல. 2022இல் வெளியான ரிவைவ்டு ஆய்வில், பம்பிங் 35 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாக இருந்த 700 பேரில், ஸ்டென்ட் வைத்தது இறப்பையோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதையோ குறைக்கவில்லை.

இனி நீங்கள் கேட்டதில் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: இந்தக் கோடுதான் பலவீனத்தின் காரணமா? ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். விரிந்த இதயத்தில் இடது கீழறைத் தசையின் எடை 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் என்றால் 8 கிராம். மற்ற 152 கிராம் தசையும் நலமாகச் சுருங்கினால், இந்த 8 கிராம் தழும்பால் பம்பிங் இயல்பிலிருந்து கொஞ்சம்தான் இறங்கும். மாரடைப்பால் 30 சதவீதத்துக்கு இறங்கிய இதயத்தில், சுவரின் பெரும்பகுதி முழுத் தடிமனுக்கும் தழும்பாகியிருப்பதை வழக்கமாகப் பார்க்கிறோம். இதயம் துடிப்பதை அசையும் படமாகக் காட்டும் உங்கள் அண்ணனின் சினி படங்களில் சுவர் முழுவதும், அதாவது மிளிராத இடங்களும் சேர்ந்து, பலவீனமாகத்தான் அசையும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் கறுப்பாகத் தெரியும் தசையும் நலமாக இல்லை. எல்.ஜி.இ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் போட வேண்டிய முதல் கணக்கு இது என்பது என் கருத்து: தெரிகிற தழும்பு, தெரிகிற பலவீனத்தை விளக்கப் போதுமானதா? போதவில்லை என்றால் மீதியை வேறெங்கோ தேட வேண்டும்.

அந்த மீதி எங்கே இருக்கலாம்? தசைச் செல்லின் சுருங்கும் புரதங்களிலேயே மரபுக் குறை இருக்கலாம். டைட்டின் மரபணுவில் வரும் பிழை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மது, சில புற்றுநோய் மருந்துகள், நாள்கணக்கில் அடங்காமல் ஓடும் வேகமான இதயத்துடிப்பு ஆகியவை செல்லைச் சாகடிக்காமலேயே சோர்வடையச் செய்யலாம். இ.சி.ஜி.யில் இடது மின்கற்றை அடைப்பு இருந்தால், சுவர்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுருங்காமல் பம்பிங் குறையலாம். இவற்றில் எதையும் கடோலினியம் வெண்மையாகக் காட்டாது.

நான் முன்னே சொன்ன பெரிய குறைபாடும் இங்கேதான் வருகிறது. எல்.ஜி.இ. ஓர் ஒப்பீடு என்பதால், தசை முழுவதும் ஒரே அளவில் நார் படிந்திருந்தால் ஒப்பிட நலமான தசையே இருக்காது. தொழில்நுட்பர் அந்த நார் படிந்த தசையையே கறுப்பாக்கிவிடுவார். படம் குற்றமற்றதாகத் தோன்றும். இந்தப் பரவலான நார்ப்படிவை அளக்கத்தான் டி1 மேப்பிங் வந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் டி1 அளந்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹிமட்டோக்ரிட் அளவையும் சேர்த்தால், செல்களுக்கு வெளியே உள்ள கன அளவைச் சதவீதமாகவே கணக்கிடலாம். அறிக்கையில் இ.சி.வி. என்று இருக்கும். இயல்பில் அது ஏறத்தாழ 25 சதவீதம். அமிலாய்டு நோயில் 40ஐத் தாண்டிச் செல்வது வழக்கம். உங்கள் அண்ணனின் அறிக்கையில் இ.சி.வி. இருக்கிறதா என்று கேளுங்கள். அது 30ஐத் தாண்டியிருந்தால், கறுப்பாகத் தெரியும் தசையிலும் நார் படிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். மருந்துக்கு முன் அளக்கும் டி1 எண் மட்டும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்; அந்த மையத்தின் சொந்த இயல்பளவோடு ஒப்பிடாமல் அதை வாசிக்கக் கூடாது.

அந்த அமிலாய்டு நோயைப் பற்றி ஒரு வரி. அங்கே தசையைக் கறுப்பாக்குவதே கடினமாகிவிடும். வழக்கத்துக்கு மாறாக, ரத்தத்துக்கு முன்பே தசை கறுத்துவிடும். உள்ளடுக்கு வட்டமாகச் சுற்றிலும் மிளிரும். நேரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று தொழில்நுட்பர் திகைக்கும் அந்தப் படமே நோயின் அடையாளம். உங்கள் அண்ணனின் படம் அதுவல்ல.

இடைச்சுவரின் நடுவே ஓடும் கோடு எந்த நோயைச் சுட்டுகிறது? ஒன்றை மட்டும் சுட்டுவதில்லை என்பதே நேர்மையான பதில். காரணம் தெரியாமல் விரிந்துபோன இதயத்தில் இது மிகவும் பொதுவான வடிவம். அடங்கிப்போன பழைய அழற்சியும் இப்படி ஒரு கோட்டை விட்டுச் செல்லலாம். ஆனால் அழற்சிக்கு மிகவும் பழக்கமான இடம், இடது கீழறையின் பக்கவாட்டு அடிச்சுவரில் வெளி அடுக்கு. டெஸ்மோபிளாகின், ஃபிலமின் சி என்னும் மரபணுக்களில் பிழை இருப்பவர்களுக்கு வெளி அடுக்கில் வளையம் போல மிளிர்வு சுற்றி வரும். லாமின் ஏ/சி மரபணுப் பிழையில் இடைச்சுவரின் மேற்பகுதியில் நடு அடுக்குக் கோடு வரும். சார்காய்டோசிஸிலும் அதே மேற்பகுதி பாதிக்கப்படும். ஆனால் அங்கே திட்டுகள் தடிமனாகவும் ஒளி மிகுந்தும் இருக்கும், இடைச்சுவரின் வலது பக்கத்துக்கும் வலது கீழறை ஒட்டும் இடத்துக்கும் நீளும். வலது கீழறை இடைச்சுவரில் ஒட்டும் அந்தப் புள்ளியில் மட்டும் சிறிதாக மிளிர்ந்தால், அதற்குப் பெரிய பொருள் கொடுக்க வேண்டாம். வலப்பக்க அழுத்தம் கூடிய பலருக்கும் அது தெரியும்.

எனவே இந்தப் படத்தை இ.சி.ஜி.யோடும் குடும்ப வரலாற்றோடும் சேர்த்து வைத்தால்தான் காரணம் நெருங்கி வரும். 44 வயதில், மின்சாரம் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்ல எடுக்கும் நேரமான பி.ஆர். இடைவெளி நீண்டிருந்தாலோ, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தடை இருந்தாலோ, என் மனம் முதலில் லாமினையும் சார்காய்டோசிஸையும் நினைக்கும். இவ்விரண்டும் திடீர் மரணத்துக்கு இட்டுச் செல்லக்கூடியவை. இரண்டின் சிகிச்சையும் வேறு வேறு. குடும்பத்தில் மூன்று தலைமுறைகளில் யாராவது 50 வயதுக்குள் திடீரென இறந்திருக்கிறார்களா, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உண்டா, இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் உண்டா என்று பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் உடன்பிறந்தவர் என்பதால், மரபுக் காரணம் இருந்தால் அது உங்களையும் தொடும். நீங்களும் ஓர் எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்வது முறை. நெஞ்சு சி.டி.யில் நிணநீர் முடிச்சுகள் பெருத்திருந்தால் சார்காய்டோசிஸ் பக்கம் எடை கூடும். தசைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி இயல்பாக வந்தாலும் சார்காய்டோசிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊசி இடைச்சுவரின் வலப்பக்கத்திலிருந்து சிறு துணுக்குகளைத்தான் எடுக்கிறது, நோயோ திட்டுத் திட்டாக இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தக் கோடு உண்மைதானா என்றும் பார்த்துவிட வேண்டும். இடைச்சுவரின் நடு அடுக்கு, பொய்க் கோடுகள் எளிதில் தோன்றும் இடம். சுவருக்குள் ஓடும் துளைத் தமனி, தன் ரத்தத்தில் உள்ள மருந்தால் கோடு போல மிளிரலாம். வலது கீழறையின் தசைக்கயிறுகள் சுவரை ஒட்டிக்கிடந்து, நடுவே சிக்கிய ரத்தம் சுவருக்குள் இருப்பது போலக் காட்டலாம். மூச்சை அடக்க முடியாத நோயாளியிடமும், துடிப்பு ஒழுங்கற்றவரிடமும் பேய்நிழல்கள் விழும். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: கோடு குறுக்குவெட்டுப் படத்திலும் நான்கு அறைகளும் தெரியும் நீளவெட்டுப் படத்திலும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும், ஃபேஸ் என்கோடிங் திசையை மாற்றி மீண்டும் எடுத்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். படத்தின் ஒரு துண்டு வழக்கமாக 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதற்குள் அடங்கும் மிகச் சிறு திட்டுகளில் தசையும் தழும்பும் கலந்து சாம்பல் நிறமாகவே தெரியும். சாம்பல் நிறத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து, 5 சதவீதம் என்ற எண் ஒருவர் கையில் 3 ஆகவும் இன்னொருவர் கையில் 7 ஆகவும் வரலாம். அந்த எண்ணைப் பெரியது, சிறியது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தசமப்புள்ளி வரை நம்ப வேண்டாம்.

கோடு உண்மையானது என்றால், அது சிறியதாக இருந்தாலும் அலட்சியப்படுத்தக் கூடாது. பம்பிங்கைக் குறைக்கும் வலிமை அதற்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மின்னோட்டத்தைச் சுழற்றிவிடும் வலிமை அதற்கு உண்டு. தழும்புக்குள் ஆங்காங்கே உயிரோடு இருக்கும் தசை இழைகள் மின்சாரத்தை மெதுவாகக் கடத்தி, அபாயகரமான வேகத்துடிப்புக்கு வழி அமைக்கின்றன. 2013இல் வெளியான குலாட்டி குழுவினரின் ஆய்வில், மாரடைப்பு சாராத விரிந்த இதயநோய் கொண்ட 472 பேரில் 142 பேருக்கு நடு அடுக்குத் தழும்பு இருந்தது. சுமார் ஐந்து ஆண்டுகளில் தழும்பு உள்ளவர்களில் 26.8 சதவீதம் பேர் இறந்தனர், இல்லாதவர்களில் 10.6 சதவீதம் பேர். திடீர் இதய மரணமும், மரணத்திலிருந்து மீட்கப்பட்ட நிகழ்வுகளும் சேர்ந்து, முன்னவர்களில் 29.6 சதவீதம், பின்னவர்களில் 7 சதவீதம். இந்த எண்கள் அச்சமூட்டுபவை என்பதை அறிவேன். அந்த நோயாளிகள், இதயச் செயலிழப்புக்கான இன்றைய நான்கு வகை மருந்துகளும் ஒன்றாகப் பழக்கத்துக்கு வருவதற்கு முந்திய காலத்தவர்கள். எனவே எண்களை அப்படியே அண்ணன்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது. ஆனால் இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டின் திசை, அதற்குப் பிந்திய ஆய்வுகளிலும் மாறவில்லை.

அபாயகரமான வேகத்துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்த உடலில் பொருத்தப்படும் டிஃபிப்ரிலேட்டர் கருவி வைப்பதா என்ற முடிவை இது தொடுகிறது. வழிகாட்டுதல்கள் பெரும்பாலும், குறைந்தது மூன்று மாதங்கள் முழுமையான மருந்து கொடுத்த பிறகும் பம்பிங் 35 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு அதைப் பரிசீலிக்கச் சொல்கின்றன. ஆனால் டென்மார்க்கில் நடந்து 2016இல் வெளியான டேனிஷ் ஆய்வு, தமனி அடைப்பு இல்லாத நோயாளிகள் அனைவருக்கும் கருவி வைத்தபோது மொத்த இறப்பு குறையவில்லை என்று காட்டியது. திடீர் மரணம் மட்டும் குறைந்தது. யாருக்குத் திடீர் மரண அபாயம் அதிகம் என்று பிரித்தறிய ஒரு வழி தேவைப்படுவது இதனால்தான், எல்.ஜி.இ. அந்த இடத்தில் எடை சேர்க்கிறது. நாள் முழுவதும் இ.சி.ஜி. பதியும் ஹோல்டரில் தொடர்ச்சியான வேகத்துடிப்புகள் இருக்கின்றனவா, மயக்கம் வந்ததுண்டா, மரபணுவில் என்ன வந்தது என்பவற்றோடு இந்தக் கோட்டையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். கோடு இருப்பதால் மட்டுமே கருவி வேண்டும் என்றும் இல்லை. கோடு இல்லாததால் ஆபத்தே இல்லை என்றும் இல்லை.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது, அந்த நம்பிக்கை வருவதும் முன்பு போட்ட அதே கணக்கிலிருந்துதான். 152 கிராம் தசை பலவீனமாக இருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. மது, வேகத்துடிப்பு, ஆறிவரும் அழற்சி போன்ற காரணம் கிடைத்து அதைக் களைந்தாலோ, மருந்துகள் நன்றாக வேலை செய்தாலோ, பம்பிங் 45, 50 வரை ஏறுவதைப் பல நோயாளிகளிடம் பார்க்கிறோம். அப்போதும் அந்த 8 கிராம் கோடு அப்படியேதான் இருக்கும். தழும்பு மீண்டும் தசையாவதில்லை. பம்பிங் சரியாகிவிட்டது என்று மருந்தையும் கண்காணிப்பையும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஸ்கேன் குறித்து ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஃபிப்ரிலேட்டர் வைக்கும் முடிவு நெருங்கினால், கருவி பொருத்துவதற்கு முன்பே இரண்டாவது எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொள்வது நல்லது. இடது மார்பில் இருக்கும் கருவியின் உலோகம், இதயத்தின் முன்சுவரிலும் பக்கச்சுவரிலும் பொய்யான வெண்மையை உண்டாக்கும், எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற கருவியானாலும் அப்படித்தான். அகல அலைவரிசை கொண்ட சிறப்பு முறையில் எடுத்தால் அது பெரிதும் குறையும், ஆனால் எல்லா மையங்களிலும் அந்த வசதி இல்லை. முடிந்தவரை முதல் ஸ்கேன் எடுத்த அதே இயந்திரத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். டி1, டி2 எண்களை அப்போதுதான் நேருக்கு நேர் ஒப்பிட முடியும். சிறுநீரகத்தின் ஜி.எஃப்.ஆர். அளவு 30க்குக் கீழ் இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். அந்த நிலையில், தோலையும் உறுப்புகளையும் இறுகச் செய்யும் அரிய பக்கவிளைவு மிகக் குறைவாக உள்ள வளையக் கட்டமைப்புக் கடோலினியம் மருந்தையே தேர்ந்தெடுப்பார்கள்.